மீட்டிங்கை மூன்று மணிக்கு வைக்கலாம்

அந்த அலுவலகத்தில் பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை எந்தக் கணினியும் ஓடாது. அது ஏன் என்று புரிந்துகொண்டால்தான் இலக்கியாவுக்கு நடந்தது புரியும்.

அது 2011ஆம் வருஷத்துக் கோடை. கடலூரில் பகலில் மூன்று மணி நேரம் மின்வெட்டு. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் வைத்திருந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் அந்த மாடிக் கட்டடம் இருந்த தெருவுக்குப் பன்னிரண்டிலிருந்து மூன்று. பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனதும் யுபிஎஸ் பேட்டரிகள் சுமையை வாங்கிக்கொள்ளும். அவற்றின் சக்தி ஒரு மணி நேரத்துக்குத்தான். அதன் பிறகு ஜெனரேட்டர். டீசல் விலையை நினைத்து முதலாளி அதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ஓட்டச் சொல்லியிருந்தார். ஆக, பேட்டரி தீர்ந்த பிறகும் ஜெனரேட்டர் தொடங்குவதற்கு முன்பும் நடுவில் ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. அந்த இருட்டைச் சாப்பாட்டு நேரம் என்று வைத்துவிட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

லண்டனில் இருக்கும் ஒரு பதிப்பகத்தின் ஆய்விதழ்கள் அங்கே வரும். எது தலைப்பு, எது ஆசிரியர் பெயர், எது அடிக்குறிப்பு என்று கணினிக்குப் புரியும்படி ஒவ்வொரு வரிக்கும் குறியிட்டுத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. இலக்கியா அதில் ஒரு குழுவுக்கு டீம் லீடர். பிள்ளைப்பேற்று விடுப்பு பன்னிரண்டு வாரம் முடிந்து ஏப்ரலில் திரும்பி வந்திருந்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பத் துணிந்ததே அந்த இருட்டு மணியை நம்பித்தான். வீடு செம்மண்டலத்தில். ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். ஒரு மணிக்குக் கிளம்பினால் குழந்தை யாழினிக்குப் பால் கொடுத்து, தானும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும்போது நாற்காலிக்கு வந்துவிடலாம். காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலையில் வந்ததும் ஒரு முறை. நடுவில் பசித்தால் மட்டும் மாமியார் விருத்தாம்பாள் கொஞ்சம் டின் பால் கரைத்துக் கொடுப்பாள். முதல் மாதம் அப்படியே ஓடியது.

மே மாதத்தில் ஞானசேகரன் மேனேஜராக வந்தார். அண்ணாமலை நகரில் வீடு. மனைவி அங்கே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிக் கடலூருக்கு வந்து இறங்கும்போது பத்து மணி ஆகிவிடும். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் கத்திப் பேசமாட்டார். ஆனால் சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"ஒரு மணிலருந்து ரெண்டு மணி வரைக்கும் எல்லாரும் என்னா பண்றீங்க?" என்று வந்த வாரமே கேட்டார்.

"சாப்புடறோம் சார்" என்றான் அருண்குமார். சர்வர், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் அவன் பொறுப்பு.

"ஒரு மணி நேரமாவா? கல்யாணச் சாப்பாடா?"

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு மணிக்கு மீட்டிங். கணினி ஓடாத நேரத்தில் பேசிவிட்டால் ஓடும் நேரம் மிச்சம் என்பது அவர் கணக்கு. டப்பாவைக் கையோடு கொண்டுவந்து சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றார். முதலில் வாரம் இரண்டு நாள். லண்டன்காரர்கள் பிழை அதிகம் என்று எழுதிய பிறகு தினமும். கால் மணி நேரம் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரத்துக்குப் போனது. ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய எரர் ரிப்போர்ட்டுகளால் விசிறிக்கொண்டு, வியர்வையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இலக்கியாவுக்கு வீட்டுக்குப் போய்வர நேரமில்லாமல் போயிற்று.

தாய்ப்பால் எப்படிச் சுரக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். குடத்தில் ஊற்றி வைத்தது போல அது ஒரே அளவாக இருந்துகொண்டே இருப்பதில்லை. குழந்தை எவ்வளவு குடித்துக் காலி செய்கிறதோ, அதைப் பார்த்துத்தான் உடம்பு அடுத்த முறைக்குச் செய்யும். ஒரு வேளை எடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். பல நாள் விட்டால் வலி நின்றுவிடும். வலி நின்றுவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்பு முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பிரசவம் பார்த்த நர்ஸ் இலக்கியாவிடம் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதனால் மீட்டிங் முடிந்ததும் அவள் கழிவறைக்கு ஓடுவாள். அங்கேயும் விளக்கு எரியாது. தாழ்ப்பாள் பாதிதான் விழும். இன்னொரு குழுவின் டீம் லீடர் ரேகா வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். உள்ளே இலக்கியா கையால் பீய்ச்சி வாஷ்பேசினில் விடுவாள். எடுத்து வைக்க ஃபிரிட்ஜ் இல்லை. அந்த வெயிலில் மாலை வரை வைத்திருந்து பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கவும் முடியாது. குழாயைத் திறந்து தண்ணீரை விட்டுக் கழுவிவிட்டு, முந்தானையைச் சரி செய்துகொண்டு வெளியே வருவாள்.

"சார்கிட்ட நான் சொல்லட்டுமாடி?" என்றாள் ரேகா.

"ஐயோ, வாயத் தொறக்காத."

"என்னா தப்பு? அவரும் புள்ள பெத்தவருதான."

"அருண் இருப்பான், மத்த பசங்க இருப்பானுங்க. பால் குடுக்கப் போறேன்னு அவனுங்க முன்னாடி எப்படிடி சொல்றது? அப்பறம் நான் எழுந்திருச்சா ஒவ்வொருத்தனும் எங்க பாப்பான்னு நெனச்சுப் பாரு."

 ரேகா கதவைப் பிடிப்பதற்கு மறுநாளும் வந்தாள்.

ஒரு நாள் மீட்டிங் முடியும் நேரத்தில் இலக்கியா துணிந்து பேசினாள்.

"சார், தெனமும் சாப்பாட்டு நேரத்துலயே மீட்டிங் வருது. வேற நேரத்துக்கு மாத்த முடியுமா?"

"ஏன், சாப்புடறதுக்கு என்னா கொறச்சல்? அருண்குமாரப் பாருங்க, ரெண்டாவது டப்பா போயிட்டு இருக்கு."

"அது எங்கம்மா கட்டிக் குடுத்தது சார், மிச்சம் வெச்சா அடி விழும்" என்றான் அருண்குமார். மறுபடி சிரிப்பு.

"எனக்கு வீட்ல கொஞ்சம் வேல இருக்கு சார்" என்றாள்.

"வீட்டு வேல யாருக்குத்தாம்மா இல்ல? சரி, நல்ல டைமா நீங்களே ஒண்ணு சொல்லுங்க. சிஸ்டம் ஓடற நேரமா இருக்கக் கூடாது. ரிப்போர்ட் கையில இருக்கணும். நான் பஸ்ஸ விட்டு எறங்கியிருக்கணும். இந்த மூணுக்கும் ஒத்து வந்தா யோசிக்கலாம்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்தாள். காலையில் ஞானசேகரன் பத்து மணிக்கு வந்து இறங்கும்போது எல்லாக் கணினிகளும் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும். மாலை ஐந்துக்கு அவர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நடுவில் கணினிகள் எப்போது நிற்கின்றன? ஒரு மணிக்கு நிற்கின்றன. வேறு எப்போது?

பிறகு சட்டென்று தோன்றியது. மூன்று மணிக்கும் நிற்கின்றன.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்ததும் ஜெனரேட்டரிலிருந்து மாற வேண்டும். சுவரில் இருக்கும் பெரிய கைப்பிடியை அருண்குமார் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவான். அந்த நொடியில் எந்தப் பக்கமிருந்தும் மின்சாரம் வராது. பேட்டரி பலமாக இருந்தால் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. ஆனால் பேட்டரி ஒரு மணிக்கே தீர்ந்துபோயிருக்கும். ஜெனரேட்டர் சின்னது என்பதால் அதிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதில்லை. ஆகவே மாற்றுவதற்கு முன் எல்லோரும் வேலையைச் சேமித்துக் கணினியை அணைத்தாக வேண்டும். மாற்றிய பிறகு சர்வர் எழுந்து நிற்க வேண்டும். தினமும் ஏறக்குறைய இருபது நிமிஷம் எல்லோரும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. லண்டனில் காலை பத்து மணி என்றால் இங்கே அப்போது மதியம் இரண்டரை. அவர்கள் அலுவலகம் திறந்து அனுப்பும் எரர் ரிப்போர்ட் அந்த நேரத்தில்தான் வரும். ஒரு மணி மீட்டிங்கில் பேசியதெல்லாம் முந்தைய நாள் ரிப்போர்ட்டை வைத்துத்தான். மூன்று மணிக்குப் பேசினால் அரை மணி முன்பு வந்த பிழைகளைப் பேசலாம். அன்றே திருத்தலாம்.

இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதினாள். பேட்டரி, ஜெனரேட்டர், லண்டன் நேரம், ரிப்போர்ட் என்று ஒன்றன் பின் ஒன்றாக. மீட்டிங்கை மூன்று மணிக்கு வைக்கலாம், இருபது நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று முடித்தாள். ஞானசேகரனுக்கும் மற்ற டீம் லீடர்களுக்கும் அனுப்பினாள். யாழினியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதத் தேவையே இல்லாதபடி அவ்வளவு நல்ல காரணங்கள் கிடைத்துவிட்டன என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

நிறுவனத்துக்கு லாபம் என்று சொன்ன ஒரு விஷயத்தை நிறுவனம் எப்படி நடத்துமோ அப்படித்தான் அதை நடத்தினார்கள்.

"பிரமாதம்" என்றார் ஞானசேகரன். "இந்தச் சேஞ்ச் ஓவர் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இத சும்மா மாத்தக் கூடாதும்மா. சென்னை ஹெட் ஆபீசுக்கு அனுப்பறேன். புது யோசனைக்கெல்லாம் அங்க ஒரு கமிட்டி இருக்கு. ஒங்க பேர்லயே போவட்டும்."

"நாளைலருந்தே மாத்திட்டா ஆவாதா சார்?"

"அவசரம் என்னா? முறைப்படி வந்தா மத்த பிராஞ்சுலயும் செய்வாங்க. ஒங்களுக்கு நல்ல பேரு."

என்ன அவசரம் என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு. அறையில் அவரும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அருண்குமார் பேட்டரி பில்லோடு உள்ளே வந்தான். "ஒண்ணும் இல்ல சார்" என்று வெளியே வந்துவிட்டாள்.

கமிட்டி மாதக் கடைசியில்தான் கூடும். அதற்குள் மாற்றும்போது உண்மையில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அருண்குமார் தினமும் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து கேட்டார்கள். அவனும் குறித்தான். கமிட்டி கூடியது, இன்னொரு மாதத்துக்குக் குறிக்கச் சொன்னது. மீட்டிங் நேரத்தை மாற்றுவது பற்றி டீம் லீடர்களின் கருத்தைக் கேட்க ஞானசேகரன் தனியாக ஒரு மீட்டிங் வைத்தார். அதுவும் ஒரு மணிக்குத்தான்.

"மூணு மணிக்கு டீ குடிக்கற நேரம் போயிடுமே" என்று ஒருவன் இழுத்தான்.

"டீயக் குடிச்சிக்கிட்டே பேசலாம்டா. சோத்தத் தின்னுக்கிட்டே பேசற, டீக்கு மட்டும் தனி ரூம் வேணுமா?" என்றாள் ரேகா. அவள் குரலில் இருந்த கோபத்தைப் பார்த்து அவன் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் யாழினி கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருந்தாள். புட்டியில் பால் தானாக வரும். ரப்பரை லேசாக அழுத்தினால் போதும். மார்பில் அப்படி இல்லை. முதலில் சிறிது நேரம் சப்ப வேண்டும், பிறகுதான் பால் இறங்கும். அந்தச் சிறிது நேரம் காத்திருக்கப் பழகிய குழந்தை, காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றைக் கண்டுகொண்டால் எதைக் கேட்கும்? மாலையில் இலக்கியா எடுத்து அணைத்தால் இரண்டு முறை சப்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். பால் குறைவாக இருந்ததால் அழுதாள். அழுது குடிக்காமல் விட்டதால் பால் இன்னும் குறைந்தது. அந்த வட்டம் எங்கே சுற்றி எங்கே வருகிறது என்று இலக்கியாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் எதுவும் ஆகவில்லை.

"அழ உடாதடி, கொழந்த தொண்ட கட்டிக்கப் போவுது" என்பாள் விருத்தாம்பாள். "புட்டியில குடுத்தா குடிச்சிட்டு நிம்மதியாத் தூங்கறா. அதுல என்னா? நம்ம தெருவுல பாதிப் புள்ளைங்க டின் பால்ல வளந்ததுதான்."

"அத்த, ரெண்டு மணி வரைக்கும் புட்டி குடுக்காம வெச்சிருங்க. இன்னைக்கு எப்படியாவது வந்துடறேன்."

"இப்படித்தான் நேத்தும் சொன்ன. பசியில அது கத்துனது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. எனக்கு மனசு கேக்குமா, சொல்லு."

அதற்கு மேல் மாமியாரிடம் என்ன கேட்பது? அவள் சொன்னது பொய்யில்லை.

கணவன் கதிரவன் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்தான். "இதச் சொல்றதுக்கு என்னா வெக்கம்? நான் வேணா ஒங்க மேனேஜருக்குப் போன் போடறேன்" என்றான்.

"போட்டு என்னான்னு சொல்வீங்க?"

கதிரவன் கைபேசியைக் கையில் எடுத்தான். வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "நீ பொம்பள, நீயே சொல்றதுதான் மொற" என்றான்.

ஜூலை முடியும்போது மதிய நேரத்து வலி நின்றுவிட்டது. ஒரு நாள் மீட்டிங் முடிந்து ரேகா வழக்கம்போலக் கழிவறைப் பக்கம் நடந்தாள். இலக்கியா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வரலையா?"

"வேணாம்டி. ஒண்ணும் இல்ல."

ரேகா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனரேட்டர் தொடங்கும் வரை விடவில்லை.

ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒப்புதல் வந்தது. ஞானசேகரன் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். மற்ற கிளைகளிலும் செய்யப்போகிறார்களாம். இலக்கியாவின் பெயர் இரண்டு இடத்தில் வந்தது. அன்றிலிருந்து ஒரு மணிக்கு மீட்டிங் கிடையாது.

அன்று மணி ஒன்று அடித்ததும் ஸ்கூட்டியை எடுத்தாள். காலையிலேயே மாமியாரிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். விருத்தாம்பாளும் அன்று புட்டி கொடுக்காமல் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலில் நின்றிருந்தாள். யாழினி பசியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கால்களை உதைத்துச் சிரித்தாள்.

இலக்கியா முகம் கைகால் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். குழந்தை வாயை வைத்தது. ஒரு முறை, இரு முறை சப்பியது. பிறகு தலையைப் பின்னால் இழுத்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் மறுபடி சேர்த்து அணைத்தாள். குழந்தை உடம்பை வில்லாக வளைத்து அலறியது. மறுபக்கம் மாற்றினாள். நடந்துகொண்டே முயன்றாள். பாட்டுப் பாடினாள். பத்து நிமிஷத்தில் குழந்தையின் முகம் சிவந்து, மூச்சு விக்கத் தொடங்கிவிட்டது.

அடுப்படியில் விருத்தாம்பாள் வெந்நீர் வைக்கும் சத்தம் கேட்டது. டின்னின் மூடி திறந்தது. கரண்டி புட்டியின் கழுத்தில் தட்டியது. அந்தச் சத்தத்துக்கு யாழினி அழுகையை நிறுத்திக் கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

இலக்கியா கதவைத் திறந்து குழந்தையைக் கொடுத்தாள்.

"நீயே குடேன்" என்று மாமியார் புட்டியை நீட்டினாள்.

"நேரமாவுது அத்த" என்றாள். நேரம் நிறைய இருந்தது.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அந்த வாரம் முழுவதும் போய்ப் பார்த்தாள். இரவில் மட்டும் தூக்கக் கலக்கத்தில் குழந்தை சிறிது நேரம் குடித்தது. பிறகு ஒரு இரவு அதுவும் இல்லை.

மூன்று மணி மீட்டிங் நன்றாகவே நடந்தது. இருபது நிமிஷத்தைத் தாண்டவில்லை. பிழைகள் குறைந்தன. சர்வர் எழும்போது வரும் சின்ன மணிச்சத்தம் கேட்டால் ஞானசேகரன் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "எழுந்திருச்சிட்டான்யா, போங்க" என்பார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு நாள் ஒரு மணிக்கு ஞானசேகரன் தன் டப்பாவோடு அறையை விட்டு வெளியே வந்தார். ஜன்னல் ஓரத்தில் இலக்கியா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கீழே மரத்தடியில் இருந்தார்கள்.

"என்னா இலக்கியா, மீட்டிங்க மாத்துனதே நீங்க வீட்டுக்குப் போவணும்னுதான்னு பசங்க ஓட்டிட்டு இருக்கானுங்க. நீங்க என்னடான்னா இங்க ஒக்காந்திருக்கீங்க. வீட்ல வேல இருக்குன்னீங்களே, முடிஞ்சிட்டுதா?"

"முடிஞ்சிட்டுது சார்."

"அப்படி என்னா வேல?"

அவள் டப்பாவிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை மாதமும் வராத வார்த்தைகள் இப்போது எந்தத் தடையும் இல்லாமல் வந்தன. மறைக்க இனி எதுவும் இல்லை.

"கொழந்தைக்குப் பால் குடுக்கப் போவேன் சார். இப்ப அது குடிக்கறது இல்ல. மறந்துடுச்சு."

ஞானசேகரன் அப்படியே நின்றார். மே, ஜூன், ஜூலை என்று அவர் மனம் பின்னோக்கிப் போவது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றார். "அன்னைக்கே மாத்தியிருப்பேனேம்மா. சென்னைக்கெல்லாம் அனுப்பியிருக்கவே மாட்டேன்."

"தெரியும் சார்."

 அவர் திறக்காத டப்பாவோடு அறைக்குத் திரும்பிப் போனார்.

இலக்கியா மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவைக் கழுவக் கழிவறைக்குப் போனாள். அதே வாஷ்பேசின். தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடினாள். கீழே ஜெனரேட்டர் உறுமியது. நாற்காலிக்கு வந்து, கணினியைப் போட்டுவிட்டு, அது எழுவதற்காகக் காத்திருந்தாள்.